கல்யாண வீட்டுக்குப் போலீஸ் வந்த கதை

குடை தொலைந்தால் மழை நின்றதும் மறந்துவிடுவோம். பர்ஸ் தொலைந்தால் ஒரு வாரம் புலம்புவோம். செல்போன் தொலைந்தால் ஒரு மாதம் பைத்தியம் பிடித்தமாதிரி அலைவோம். இதெல்லாம் என்றைக்காவது திரும்பக் கிடைத்துவிட்டால், அப்பாடா என்று எடுத்து உபயோகிக்கவும் ஆரம்பித்துவிடுவோம்.

ஆனால் ஒரே ஒரு பொருள் மட்டும் விசித்திரமானது. தொலைந்து போனதாக ஒரு தடவை எழுதிக் கொடுத்துவிட்டால், அப்புறம் அது நம் கைக்கே திரும்பி வந்தாலும் வந்தது வந்ததுதான், செத்தது செத்ததுதான்! அந்தப் பொருளின் பெயர் பாஸ்போர்ட்.

இந்த ஞானம் எனக்கு வந்தது என் சித்தி பையனால். ஆள் ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். சொந்த ஊர் தேவகோட்டை. மாதம் 1,800 திர்ஹாம் சம்பளம். கூட்டிப் பெருக்கினால் நம் ஊர்க் காசுக்கு 40 ஆயிரம் சொச்சம். 2023 ஆவணியில் அவன் தங்கைக்குக் கல்யாணம். லீவு சாங்ஷன் ஆகி, கம்பெனி ஆபீஸிலிருந்து பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டு, ஒரு வியாழக்கிழமை ராத்திரி ரோலா பக்கம் பர்ச்சேஸ் போயிருக்கிறான். பால் பவுடர், சென்ட், மாப்பிள்ளைக்கு வாட்ச். எல்லாவற்றையும் டாக்ஸி டிக்கியில் போட்டுக்கொண்டு ரூமுக்கு வந்தவன், சாமான் பையை இறக்கினான். சின்ன பேக்கை இறக்கவில்லை. பாஸ்போர்ட் இருந்தது சின்ன பேக்கில்.

சனிக்கிழமை காலை எனக்கு போன். அங்கே வாட்ஸ்அப்பில் பேச முடியாது, அதனால் பாட்டிம் என்று ஒரு ஆப்பில் கூப்பிடுவான். எப்போதும் "அண்ணே, சாப்பிட்டீங்களா?" என்று ஆரம்பிப்பவன், அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே, "அண்ணே, போச்சுண்ணே!" என்றான்.

"டிக்கெட் என்னிக்குடா?"

"அடுத்த வெள்ளிக்கு அடுத்த வெள்ளி. திருச்சிக்கு. திங்கட்கிழமை முகூர்த்தம்."

அதாவது தொலைந்த நாளிலிருந்து டிக்கெட்டுக்கு 15 நாள், தாலி கட்டுக்கு 18 நாள்.

"எம்பஸிக்குப் போன் பண்ணி அர்ஜென்ட்னு சொல்லேன்!"

"பண்ணேண்ணே. அபுதாபி எம்பஸி. நீங்க இங்க வர வேணாம், துபாய்க்குப் போங்கன்னுட்டாங்க."

முதல் பாடம் இதுதான். ஐக்கிய அரபு எமிரேட்ஸில் இந்தியத் தூதரகம் இருப்பது அபுதாபியில். ஆனால் துபாய், ஷார்ஜா, அஜ்மான் உட்பட வடக்குப் பக்கத்து எமிரேட்டுகளில் இருப்பவர்களுக்கெல்லாம் துபாயில் இருக்கும் துணைத் தூதரகம்தான். அர்ஜென்ட் என்று தப்பான கதவைத் தட்டினால், அந்தக் கதவு அர்ஜென்டாக மூடிக்கொள்ளும்.

நல்லவேளை, அவனுக்குத் தெரிந்த இளையான்குடி பாய் ஒருவர் ஷார்ஜாவில் டைப்பிங் சென்டர் வைத்திருக்கிறார். விசா, லேபர் கார்டு அப்ளிகேஷன் எல்லாம் அடித்துக் கொடுக்கும் கடை. இருபது வருஷமாக ஊர்க்காரர்களின் கஷ்டத்தையெல்லாம் அரபியில் டைப் அடித்துக் கொடுப்பவர். அவர் இவனை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டு ஒன்று சொன்னாராம்.

"தம்பி, போலீஸ்ல தொலைஞ்சிருச்சுன்னு எழுதிக் குடுக்கறதுக்கு முன்னாடி டாக்ஸி கம்பெனில நல்லா விசாரி. ரெண்டு நாள் பாரு. ஆனா ரெண்டே நாள்தான். எழுதிக் குடுத்துட்டா பழசு செத்துப் போயிரும். எழுதிக் குடுக்காமலே இருந்தா, எவன் கையில சிக்கி என்ன ஆகுமோ தெரியாது."

எவன் கையில் சிக்கினால் என்ன ஆகும்? 2014 மார்ச்சில் கோலாலம்பூரிலிருந்து கிளம்பிக் காணாமல் போனதே, மலேசிய விமானம் எம்.ஹெச்.370, ஞாபகமிருக்கிறதா? அந்த விமானத்தில் இரண்டு பேர், ஓர் ஆஸ்திரியாக்காரர், ஓர் இத்தாலிக்காரர் ஆகியோரின் பாஸ்போர்ட்டில் ஏறியிருந்தார்கள். ஒரிஜினல் ஆசாமிகள் இருவரும் அவரவர் இடத்தில் சௌக்கியமாக இருந்தார்கள்! இரண்டு பாஸ்போர்ட்டும் தாய்லாந்தில் திருடு போனவை. திருடு போன, தொலைந்து போன பாஸ்போர்ட் நம்பர்களுக்கென்று இன்டர்போல் 2002-லிருந்தே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அந்த இரண்டும் அதில் இருந்தன. ஏற்றிவிடும்போது யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அந்த இருவருக்கும் விமானம் மறைந்ததற்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் ஒரு பாஸ்போர்ட் தொலைந்தால் தூதரகக்காரர்கள் ஏன் நம்மைச் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது. நாம் தொலைத்தது ஒரு சின்னப் புத்தகம். அவர்கள் கண்ணுக்கு அது இன்னொருத்தன் போட்டுக்கொள்ளக் கூடிய நம் முகம்.

டாக்ஸி கம்பெனியில் பேக் எதுவும் வரவில்லை என்றுவிட்டார்கள். திங்கட்கிழமை, கம்பெனி லெட்டரோடு ஷார்ஜா போலீஸில் எழுதிக் கொடுத்து, தொலைந்ததற்கான சான்றிதழ் வாங்கினான். அதற்கு பாஸ்போர்ட் ஜெராக்ஸ் வேண்டும். இவனிடம் இல்லை. தேவகோட்டையில் சித்தி வீடு முழுக்கத் தேடி, ரேஷன் கார்டு உறைக்குள்ளிருந்து ஒரு ஜெராக்ஸை எடுத்தாள். போட்டோ இருக்கும் முதல் பக்கம் மட்டும்! 2018-ல் எடுத்த அவன் பாஸ்போர்ட்டில் அப்பா, அம்மா பேர், விலாசம், ஃபைல் நம்பர் எல்லாம் இருப்பது கடைசிப் பக்கத்தில். அது இல்லாமல் பேரையும் பிறந்த தேதியையும் வைத்துத் தேடினால், மதுரை பாஸ்போர்ட் ஆபீஸ் கம்ப்யூட்டரில் எத்தனை குமார், எத்தனை செல்வம் வருவார்களோ!

பாய்தான் வழி சொன்னார். "உன் விசாவுக்கு பாஸ்போர்ட்டை ஸ்கேன் பண்ணித்தானே போட்டிருப்பாங்க? கம்பெனி பி.ஆர்.ஓ. கம்ப்யூட்டர்ல முழுசா இருக்கும், போய்க் கேளு." இருந்தது. வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் மனதில் குறித்துக்கொள்ள வேண்டிய விஷயம். உங்களிடம் காப்பி இல்லாவிட்டாலும், விசா எடுத்துக் கொடுத்தவனிடம் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை. அப்ளிகேஷன், போட்டோ, எமிரேட்ஸ் ஐ.டி., போலீஸ் சான்றிதழ், கூடவே ஒரு பிரமாணப் பத்திரம். எப்போது, எங்கே, எப்படித் தொலைந்தது, இதற்கு முன்னால் எத்தனை பாஸ்போர்ட் தொலைத்திருக்கிறாய் என்று அதில் கேட்டிருப்பார்கள். போலீஸில் சொன்ன கதையும் இதில் சொல்லும் கதையும் ஒன்றாக இருக்க வேண்டும். நம்மாட்கள் பரிதாபம் வரட்டும் என்று, அங்கே 'டாக்ஸியில் விட்டுவிட்டேன்' என்றும் இங்கே 'யாரோ திருடிவிட்டார்கள்' என்றும் எழுதி வைப்பார்கள். பரிதாபம் வராது, கேள்விதான் வரும்.

கட்டணமும் சாதாரணமாகப் புதுப்பிப்பதைவிடக் கிட்டத்தட்ட இருமடங்கு. 'தொலைச்சல்ல, அனுபவி' என்று அர்த்தம்.

கவுன்ட்டரில் இருந்த அதிகாரி எல்லாவற்றையும் புரட்டிவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

"உங்களுக்கு ஊருக்குப் போனா போதுமா, இல்ல திரும்பி வரணுமா?"

தம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார், ரெண்டும்தான் சார்!"

"ரெண்டுக்கும் வேற வேற பேப்பர்" என்றார் அதிகாரி.

சார், இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்று தூதரகத்துக்குப் போகிறவனுக்கு முன்னால் இரண்டு வழி உண்டு. ஒன்று, தொலைந்ததற்குப் பதிலாகப் புது பாஸ்போர்ட். இதற்கு நம் ஊரில் விசாரணை முடிந்து, ஓகே என்று பதில் வர வேண்டும். இரண்டாவது, எமர்ஜென்ஸி சர்ட்டிபிகேட். வளைகுடாவில் நம் ஆட்கள் அவுட்பாஸ் என்பார்கள். இவன் இந்தியன்தான் என்று தெரிந்தால் போதும், சீக்கிரம் கிடைத்துவிடும். ஆனால் அது ஒரே ஒரு பயணத்துக்கு, அதுவும் இந்தியாவுக்குள் வருவதற்கு மட்டும். திருச்சியில் இறங்கியதும் அதன் ஆயுசு முடிந்தது. அதைக் காட்டி மறுபடி ஷார்ஜாவுக்கு ஏற முடியாது. ஊரில் புது பாஸ்போர்ட்டுக்கு அப்ளை பண்ணி, அதே விசாரணையை அங்கே சந்தித்து, அப்புறம்தான் திரும்பும் பேச்சு.

அவன் ரூமிலேயே ராமநாதபுரத்துப் பெரியவர் ஒருத்தர் இருந்தார். போன வருஷம் ரூம் மாற்றும்போது பழைய பேப்பரோடு பாஸ்போர்ட்டும் போய்விட்டது. 'ஷார்ஜா போதும், இனிமே ஊர்ல ஆடு மேய்ச்சாலும் மேய்ப்பேன்' என்று கணக்கு முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்த மனுஷன். அவருக்கு அவுட்பாஸ்தான் கரெக்ட். ஒரே வாரத்தில் விமானம் ஏறிவிட்டார். அவர் கதையைக் கேட்டுவிட்டு, "அவருக்கு ஒரே வாரத்துல குடுத்தாங்க, எனக்கும் அதே குடுத்துரட்டும்ணே" என்று தம்பியும் ஆரம்பித்தான்.

இங்கேதான் என் பி.காம். படிப்பு வாழ்க்கையில் முதல் தடவையாகப் பயன்பட்டது. ஒரு பேப்பரை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு.

அவுட்பாஸ் எடுத்தால் வரவு: தங்கச்சி கல்யாணம், நிச்சயம். செலவு: லீவு 25 நாள்தான். அவன் விசா முடிய ஏறக்குறைய ரெண்டு மாசம். ஊரில் போய் பாஸ்போர்ட்டுக்குப் போட்டு, விசாரணை இழுத்துக்கொண்டால் லீவு தாண்டும். புது பாஸ்போர்ட் வந்தாலும், அங்கே அவனுடைய குடியிருப்பு அனுமதி பழைய பாஸ்போர்ட் நம்பரோடு முடிச்சுப் போட்டிருக்கிறது. 2022 ஏப்ரலிலிருந்து விசாவை பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கராக ஒட்டுவதையே அங்கே நிறுத்திவிட்டார்கள். எல்லாம் கம்ப்யூட்டரிலும் எமிரேட்ஸ் ஐ.டி.யிலும்தான். அதனால் கம்பெனி பி.ஆர்.ஓ. மனசு வைத்துப் புது நம்பரை ஏற்ற வேண்டும். ஏற்றவில்லை என்றால் திருச்சி கவுன்ட்டரிலேயே 'சிஸ்டம்ல வரலியே சார்' என்று நிறுத்திவிடுவார்கள். இவன் ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஷார்ஜாவில் இருக்கும் பி.ஆர்.ஓ.வை போனில் கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டும். இதற்கு நடுவில் விசா முடிந்தால் வேலை கோவிந்தா.

புது பாஸ்போர்ட் என்றால் வரவு: வேலை பத்திரம். நம்பர் மாற்றும் வேலையையும் நேரில் நின்று முடித்துக்கொண்டு கிளம்பலாம். செலவு: கல்யாணத்துக்குள் வருமா, வராதா? யாரும் உத்தரவாதம் தர முடியாது. துரித சேவை என்று கூடுதல் பணம் கட்டினாலும், அவன் கேஸில் கவுன்ட்டர்க்காரர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "நாங்க வேகமா அச்சடிப்போம். ஊர்லேர்ந்து பதில் வந்தாத்தான் அச்சடிக்க முடியும்."

"டேய், கல்யாணக் கடன் எவ்வளவு?" என்றேன்.

"நாலு லட்சம்ணே."

"அதை யார் அடைக்கிறது?"

எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "புது பாஸ்போர்ட்டுக்கே போட்டுர்றேண்ணே" என்றான். நான் போட்ட கோட்டுக்கு எந்தப் பக்கம் அந்த மௌனத்தை எழுதுவது என்று எங்கள் காலேஜில் சொல்லித் தரவில்லை.

இனிமேல்தான் கிளைமாக்ஸ்.

அடுத்த சனிக்கிழமை. தேவகோட்டையில் சித்தி கோயிலுக்குப் போயிருக்கிறாள். பழைய தெருவில் இருந்த பக்கத்து வீட்டு மாமி, பிரகாரத்தில் வைத்து, நாலு பேர் காதில் விழுகிறமாதிரி கேட்டிருக்கிறாள்.

"ஏங்க, ஒங்க பையனைத் தேடி போலீஸ் வந்துச்சே! அங்க போயி என்ன பண்ணுனான்?"

சித்திக்குக் கையில் இருந்த அர்ச்சனைத் தட்டு ஆடிவிட்டது. பத்து நாளில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு காரைக்குடி. கோயிலில் கேட்ட செய்தி காரைக்குடிக்குப் போக எத்தனை நேரமாகும்? பஸ்ஸைவிட வேகம்! சாயங்காலமே சம்பந்தி போன் பண்ணி, சுற்றி வளைத்து, "பையன் நல்லாருக்காப்லயா? ஏதோ... பிரச்னைன்னு..." என்று இழுத்திருக்கிறார்.

விஷயம் இதுதான். தொலைந்த பாஸ்போர்ட்டுக்குப் பதில் புதுசு தரும்போது, இவன் சொல்லும் ஆள்தானா, சொல்லும் விலாசம்தானா என்று ஊரில் போலீஸ் வந்து விசாரிப்பது சாதாரண நடைமுறை. அப்ளிகேஷனில் தம்பி எழுதியது பழைய பாஸ்போர்ட்டில் இருந்த விலாசம். அதாவது வாடகை வீடு. 2021-ல் சித்தப்பா ரெண்டு தெரு தள்ளிச் சொந்த வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தச் சொந்த வீட்டுக்குச் செங்கல் வாங்கப் பணம் அனுப்பியதே இவன்தான்! ஆனால் பாரத்தை நிரப்பும்போது கை தானாகப் பழைய விலாசத்தை எழுதிவிட்டது. கான்ஸ்டபிள் வந்து பார்த்தார். புதுக் குடித்தனக்காரர்கள், "அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்றார்கள். அவர் என்ன செய்வார்? 'மேற்படி நபர் இந்த முகவரியில் வசிக்கவில்லை' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். உண்மைதானே!

இப்படி ஒரு வரி எழுதிப் போய்விட்டால், துபாயில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி அர்ஜென்ட் என்று அழுதாலும் அசைய முடியாது. இது நடந்திருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கோயில் மாமி எல்லோருக்கும் அமைய மாட்டாள். அப்ளிகேஷன் போட்டதும் ஒரு ஃபைல் நம்பர் தருவார்கள். அதையும் பிறந்த தேதியையும் போட்டால் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பாஸ்போர்ட் இணையதளத்தில் பார்க்கலாம். போலீஸ் விசாரணையிலேயே நாள் கணக்கில் நின்றால், ஊரில் ஏதோ முடிச்சு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது துபாயில் நின்று கத்திப் பிரயோஜனமில்லை. அப்பாவை ஊர் ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும்.

சித்தப்பாவும் போனார். வேட்டி கட்டி, திருநீறு பூசி, ஆதார், ரேஷன் கார்டு, புது வீட்டு கரண்ட் பில், கூடவே ஒரு கல்யாணப் பத்திரிகை. இன்ஸ்பெக்டருக்கே பத்திரிகை வைத்துவிட்டு வந்துவிட்டார்! தம்பியும் அங்கே புது விலாசத்தை எழுதிக் கொடுத்தான். விசாரணை மறுபடி முதலிலிருந்து. போலீஸ் புது வீட்டுக்கு வந்தபோது பந்தல்கால் நட்டாகிவிட்டது. கான்ஸ்டபிள் கையெழுத்து வாங்கிக்கொண்டு, காபியும் குடித்துவிட்டு, "கல்யாணத்துக்குத் தம்பி வருதா?" என்று கேட்டாராம். சித்தி உள்ளே போய்விட்டாள்.

இந்தக் கலாட்டாவுக்கு நடுவில், ஞாயிற்றுக்கிழமை தம்பியிடமிருந்து ஒரு போன். குரலில் பல்லெல்லாம் தெரிகிறது.

"அண்ணே! கிடைச்சிருச்சுண்ணே!"

"புது பாஸ்போர்ட்டா?"

"பழசுண்ணே! அந்த டாக்ஸில அடுத்து ஏறுன ஆளு, அவர் பேக்னு நினைச்சு எங்கிட்டு பேக்கையும் தூக்கிட்டு அல் அயின் போயிட்டாராம். இப்பத்தான் கொண்டாந்து குடுத்துட்டாக. வாட்ச்சும் இருக்கு, பாஸ்போர்ட்டும் இருக்கு. வெள்ளிக்கிழமை டிக்கெட்டும் இருக்கு. கிளம்பிரட்டா?"

யோசித்துப் பாருங்கள் சார். கையில் பாஸ்போர்ட். அவன் போட்டோ. அவன் கையெழுத்து. காலாவதி தேதி தாண்ட இன்னும் வருஷக்கணக்கில் இருக்கிறது. டிக்கெட் இருக்கிறது. அஞ்சு நாளில் விமானம். எட்டு நாளில் தங்கைக்குத் தாலி. யாராக இருந்தாலும் 'கிளம்பு' என்றுதான் வாயில் வரும்.

நல்லவேளை, அவன் எனக்கு முன்னால் பாயிடம் கேட்டுவிட்டான். எனக்குப் போன் பண்ணியது, நானாவது 'சரி' சொல்ல மாட்டேனா என்ற நப்பாசையில். பாய் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"தம்பி, ஒன் கையில இருக்கறது பாஸ்போர்ட் இல்ல. பாஸ்போர்ட்டோட மையத்து. நீ எழுதிக் குடுத்தன்னிக்கே அந்த நம்பரை ரத்து பண்ணிருப்பாங்க. ஏர்போர்ட்ல அதை மெஷின்ல வெச்சா, தொலைஞ்ச பாஸ்போர்ட்டுன்னு காட்டும். அந்தத் தொலைஞ்ச பாஸ்போர்ட்டை வெச்சிருக்கறவன் நீ. நான்தான் தொலைச்சேன், நான்தான் கண்டுபிடிச்சேன்னு ஒவ்வொரு கவுன்ட்டரா கதை சொல்லணும். அந்தக் கதை முடியறதுக்குள்ள பிளேன் போயிரும். நீ தங்கச்சி கல்யாணத்துக்குப் போகணுமா, இமிகிரேஷன் ரூம்ல ஒக்காரணுமா?"

திங்கட்கிழமை அந்தப் பழைய பாஸ்போர்ட்டை, போட்டோவில் இருந்த 2018-ஆம் வருஷத்து மீசையோடு சேர்த்து, தூதரகத்தில் ஒப்படைத்தான். அவர்கள் ரத்து முத்திரை குத்தினார்கள். 'கிடைச்சிருச்சு சார், தொலைஞ்சதுன்னு எழுதினதை வாபஸ் வாங்கிக்கறேன்' என்று கேட்டுப் பார்த்தானாம். இது என்ன காலேஜ் ராஜினாமா லெட்டரா, வாபஸ் வாங்க!

இந்த இடத்தில் இன்னொருத்தன் கதையும் சொல்லியாக வேண்டும். அதே கட்டிடத்தில் வேறொரு கம்பெனிப் பையன். அவன் பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்கிறார். தம்பிக்குப் புது பாஸ்போர்ட் வரப்போகிறது என்றதும், "நானும் தொலைஞ்சிருச்சுன்னு எழுதிக் குடுத்துப் புதுசு வாங்கிரவா?" என்று யோசனை பண்ணியிருக்கிறான். ரொம்பப் பேருக்கு வரும் யோசனை இது. வரவே கூடாத யோசனையும் இதுதான்.

தொலையாததைத் தொலைந்தது என்று எழுதினால், நம் நாட்டு 1967-ஆம் வருஷ பாஸ்போர்ட் சட்டப்படி, தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்த குற்றம். இரண்டு வருஷம் வரை ஜெயில், அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த ஊர்ப் போலீஸுக்கும் பொய் சொன்னதாகிறது. முதலாளி அலமாரியைத் திறந்து, "இதோ இருக்கே!" என்று எடுத்துப் போட்டால், அதுவரை தப்பு பண்ணியவர் அவர், அதற்கப்புறம் தப்பு பண்ணியவன் நீ!

நியாயத்தில் அந்தப் பையன் பக்கம்தான் சட்டம் இருக்கிறது. அங்கே 2021-ல் போட்டு 2022 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டம், தொழிலாளியின் ஆவணங்களை முதலாளி பிடித்து வைக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. எனவே அவன் எழுத வேண்டிய வார்த்தை 'தொலைந்தது' அல்ல, 'தர மறுக்கிறார்.' துபாய் துணைத் தூதரகத்தில் இந்தியத் தொழிலாளிகளுக்கென்றே ஓர் உதவி மையம் இருக்கிறது. 800 46342 என்று அங்கிருந்து கூப்பிட்டால் காசு கிடையாது. ஊரில் இருக்கும் அப்பா, அம்மாகூட நம் வெளியுறவுத் துறையின் 'மதத்' என்ற இணையதளத்தில் புகார் பதியலாம், 2015-லிருந்து இருக்கிறது. பாய் அந்தப் பையனுக்கு இதைத்தான் டைப் அடித்துக் கொடுத்தார். தூதரகத்திலிருந்து கம்பெனிக்கு ஒரு போன் போனது. மறுவாரம் பாஸ்போர்ட் அலமாரியிலிருந்து இறங்கி வந்தது.

சரி, தம்பிக்கு வருவோம். வெள்ளிக்கிழமை டிக்கெட் அவனில்லாமல் பறந்தது. திங்கட்கிழமை காலை முகூர்த்தம். பெரியப்பா பையன் மாப்பிள்ளைத் தோழனாக நின்றான். ஒரு சித்தப்பா செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடை ஓரத்தில் நின்றார். செல்போனுக்குள்ளே, ஷார்ஜா ரூமில், புதுச் சட்டை போட்டுக்கொண்டு தம்பி. கெட்டிமேளம் கொட்டும்போது நெட் நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது தாலி கட்டியாகிவிட்டது. "பரவால்லண்ணே, தங்கச்சி சிரிச்சதைப் பாத்துட்டேன்" என்றான்.

செவ்வாய்க்கிழமை புது பாஸ்போர்ட் வந்தது. ஆம் சார், ஒரே ஒரு நாள்! விலாசத்தால் போன நாட்கள் ஆறு. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறமும் அவன் அவசரப்படவில்லை. மூன்று நாள் பி.ஆர்.ஓ. பின்னாலேயே சுற்றி, புது பாஸ்போர்ட் நம்பரைக் குடியிருப்பு அனுமதியில் ஏற்றி, கம்ப்யூட்டரில் தன் பேருக்கு நேரே புது நம்பர் வந்ததைக் கண்ணால் பார்த்தபிறகுதான் டிக்கெட் போட்டான். மறுவீட்டுக் கறி விருந்துக்குச் சரியாக வந்து சேர்ந்தான். வாட்ச்சை அவனே மாப்பிள்ளை கையில் கட்டிவிட்டான். லீவு முடிந்து, குறித்த தேதியில் ஷார்ஜா திரும்பி, விசாவையும் புதுப்பித்துக்கொண்டான். கடனில் பாதி அடைந்துவிட்டது.

இப்போது அவன் பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் மூன்று இடத்தில் இருக்கின்றன. அவன் மெயிலில் ஒன்று, என் கம்ப்யூட்டரில் ஒன்று, சித்தியிடம் ஒன்று. சித்தி அதை லாமினேட் செய்து, பூஜை அறையில் முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாள். மேலே பேனாவால் பெரிசாக ஒரு வரி:

'போலீஸ் வந்தால் பயப்படாமல் உள்ளே கூப்பிடவும். காபி கொடுக்கவும்.'